கூடை விலையும் கிலோ விலையும்: மீனவர் சங்கத்தின் தினசரி ஏலச் சுருக்கம் எப்படி உருவாகிறது

பட்டினப்பாக்கத்திலோ நொச்சிக்குப்பத்திலோ விடியற்காலையில் ஃபைபர் படகு மணலில் ஏறியதும், வலையிலிருந்து உதறிய மீன் கூடைக்கு மாறும், கூடை வரிசைக்கு வரும், ஏலம் தொடங்கும். அப்போது யாரும் கிலோ பேசுவதில்லை. “காணாங்கத்தை, கூடை மூவாயிரத்து அறுநூறு, ஒரு தரம், ரெண்டு தரம்” என்றுதான் ஏலம் போகும். ஆனால் சாயங்காலம் சங்கத்துப் பலகையில் எழுதப்படுவது கிலோ விலை. மீன்வளத் துறை கேட்பதும் கிலோதான், வங்கி கேட்பதும் கிலோதான், மறுநாள் படகுக்காரர் காசிமேட்டு விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் கிலோதான். கூடையில் விற்றது கிலோவாக மாறும் அந்த இடத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நுழைகின்றன. அந்த ஒரு மாற்றத்தை, ஒரு நாளின் ஒரே மீனை வைத்து இங்கே முழுதாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தினசரிச் சுருக்கத்துக்கு அடிப்படை அலகு படகும் அல்ல, மீன் பெயரும் அல்ல. ஏலக்காரர் ஒருமுறை “மூணு தரம்” சொல்லி முடித்த ஒரு கூறுதான் அடிப்படை. ஒரே படகு மூன்று கூறு போடலாம்: பெரிய மீன் தனியாக, சிறியது தனியாக, கலப்பு தனியாக. ஒவ்வொரு கூறுக்கும் ஒரு வரி வேண்டும். அந்த வரியில் நேரம், படகின் பதிவு எண், மீனின் பெயர், தரம், கூடை எண்ணிக்கை, நிகர எடை, ஏலத் தொகை, வாங்கியவர், ரொக்கமா கடனா என்பது இருந்தால் போதும். பதிவு எண் என்பது படகின் பக்கத்தில் `IND-TN-` என்று தொடங்கி எழுதியிருக்கும் எண். நடுவில் `MM` இருந்தால் விசைப்படகு, `MO` இருந்தால் வெளிப்பொருத்து மோட்டார் படகு. படகுக்குச் செல்லப் பெயர் எழுதினால் ஒரே குப்பத்தில் இரண்டு படகுக்கு ஒரே சாமி பெயர் இருக்கும். மாதக் கடைசியில் கணக்கு தீர்க்கும்போதுதான் அது தெரியவரும்.

இந்த வரிகளை ஏலம் நடக்கும்போதே எழுத வேண்டும். ஏலம் முடிந்து டீ குடித்துவிட்டு வந்து ஏலக்காரரிடம் கேட்டு எழுதும் வழக்கம் பல இடங்களில் உண்டு. தொகையை அவர் சரியாகச் சொல்லிவிடுவார், ஏனென்றால் அது பணம். நேரத்தையும் எடையையும் அப்படிச் சொல்ல முடியாது.

இனி அந்த நாள். கீழே உள்ள எண்கள் கணக்கை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. ஃபைபர் படகுகள் கரையேறும் ஒரு சிறு சங்கத்தில் இப்படித்தான் வரிசை அமையும். ஒன்பது படகு கடலுக்குப் போன நாள். காணாங்கத்தை மட்டும் ஐந்து கூறாக ஏலம் போனது.

| கூறு | நேரம் | கூடை | நிகர எடை (கிலோ) | கூடை விலை (ரூ.) | மொத்தம் (ரூ.) |
|---|---|---|---|---|---|
| 1 | 5.20 | 5 | 118 | 3,600 | 18,000 |
| 2 | 5.45 | 3 | 69 | 3,400 | 10,200 |
| 3 | 6.30 | 8 | 192 | 2,500 | 20,000 |
| 4 | 7.40 | 6 | 126 | 1,900 | 11,400 |
| 5 | 8.15 | அரை | 11 | பொறுக்கிய பெரிது | 2,200 |

கூட்டினால் 22½ கூடை, 516 கிலோ, 61,800 ரூபாய்.

இதிலிருந்து ஒரு கிலோவின் சராசரி விலையைக் கண்டுபிடிக்க இரண்டு வழி இருக்கிறது. முதல் வழியில் ஒவ்வொரு கூறுக்கும் கிலோ விலை போட்டுப் பார்க்கிறோம்: ஏறத்தாழ 152.50, 147.80, 104.20, 90.50, 200. ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 139 ரூபாய் வருகிறது. இரண்டாவது வழியில் மொத்தப் பணத்தை மொத்த எடையால் வகுக்கிறோம்: 61,800 வகுத்தல் 516, ஏறத்தாழ 120 ரூபாய்.

இரண்டும் சராசரிதான், ஆனால் ஒன்றுதான் உண்மை. 139 சரியென்றால் 516 கிலோவுக்கு 71,724 ரூபாய் வந்திருக்க வேண்டும். கைக்கு வந்தது 61,800. இல்லாத 9,924 ரூபாயைப் பலகை காட்டுகிறது. காரணம், 11 கிலோ அரைக் கூடையும் 192 கிலோ எட்டுக் கூடையும் முதல் வழியில் சம மதிப்பு பெறுகின்றன. அதிக மீன் வந்து விலை விழும் நாளில்தான் இந்தப் பிழை பெருகும், ஏனென்றால் அன்றைக்குப் பெரிய கூறுகள்தான் மலிவாகப் போயிருக்கும். அதாவது படகுக்காரருக்கு அடி விழுந்த நாளிலேயே பலகை நல்ல விலை என்று சொல்லும். மொபைலில் கணக்குத் தாள் வைத்திருப்பவர்கள் விலைப் பத்தியைத் தேர்ந்தெடுத்து `AVERAGE` போடுவது இந்தத் தவறைத்தான் செய்கிறது. தொகைப் பத்தி F, எடைப் பத்தி D என்றால் எழுத வேண்டியது இது:

```
=SUM(F2:F6)/SUM(D2:D6)
```

வகுத்தல் சரியானதும் அடுத்த கேள்வி வருகிறது: அந்த 516 கிலோ எங்கிருந்து வந்தது?

மேலே உள்ள பட்டியலில் பணம் எப்போதும் கெட்டியான எண். வாங்கியவர், விற்றவர், ஏலக்காரர் என மூன்று பேர் அதைக் கவனித்திருக்கிறார்கள். எடை அப்படி இல்லை. கூடைக்கு விலை பேசி முடித்தபின் எடை போட யாருக்கும் அவசரமில்லை; வாங்கியவர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகத்தான் பார்ப்பார். அதனால் பல சங்கங்களில் ‘ஒரு கூடை 25 கிலோ’ என்று ஒரு நிலையான கணக்கை வைத்துக்கொள்கிறார்கள். நம் நாளில் அப்படிச் செய்திருந்தால் 22½ கூடைக்கு 562½ கிலோ வந்திருக்கும். உண்மையில் இல்லாத 46½ கிலோ மீன் கரையேறியதாகப் பதிவாகும், அதாவது பிடிப்பு 9 சதவீதம் கூடுதலாகத் தெரியும். அதே நேரத்தில் கிலோ விலை 120-இலிருந்து 110-க்கு இறங்கிவிடும். ஒரே தவறு இரண்டு எண்ணை எதிரெதிர்ப் பக்கமாக இழுக்கிறது. இந்தப் பலகையைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் குப்பத்தில் கிலோவுக்குப் பத்து ரூபாய் அதிகம் என்று படகுக்காரர் சங்கத்தைவிட்டு வெளியே விற்கக் கிளம்பினால், அவரை அனுப்பியது வியாபாரி அல்ல, கூடைக் கணக்கு.

கூடையின் எடை ஏன் மாறுகிறது என்பது மீனைக் கையாண்டவர்களுக்குத் தெரியும். தலைதட்டிய கூடையும் குவித்த கூடையும் ஒன்றல்ல. ஏலம் சூடாக இருக்கும்போது விற்பவர் தலைதட்டுவார், மந்தமாக இருக்கும்போது குவித்து வைப்பார். சிறிய மீன் இடைவெளி இல்லாமல் அடையும். பெரிய மீன் வால் நீட்டிக்கொண்டு நிற்கும். ஐஸ் போட்டிருந்தால் அது மீனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நம் நான்காவது கூறில் அதுதான் நடந்திருக்கிறது: மற்ற கூடைகளில் 23, 24 கிலோ மீன் இருக்க, அடியில் ஐஸ் போட்ட அந்தக் கூடைகளில் 21 கிலோதான் இருந்தது. அப்போதுதான் கடல்நீரில் அலசி எடுத்த மீனில் தண்ணீரும் சேர்ந்திருக்கும். கூடையைச் சில நிமிடம் சாய்த்து வைத்தால் நீர் வடிந்துவிடும்.

எல்லாக் கூடையையும் எடை போடுவது நடைமுறைக்கு ஆகாது. அதற்குத் தேவையும் இல்லை. ஒவ்வொரு கூறிலும் ஒரு கூடையை எடை போட்டால் போதும். நான்கு கூடைக்கு மேல் இருந்தால் இரண்டு. ஆனால் எந்தக் கூடையைத் தூக்குவது என்பதில் கவனம் வேண்டும். முன்னால் வைத்திருக்கும் கூடை ஏலத்துக்குக் காட்டுவதற்காக நிரப்பியது. அதுதான் எப்போதும் கனமாக இருக்கும். வரிசையின் நடுவிலிருந்து எடுக்க வேண்டும். மூன்றாவது கூறின் எட்டுக் கூடையில் நடுவிலிருந்து இரண்டைத் தூக்கி, கூடையின் எடையையும் ஐஸையும் கழித்துப் பார்த்ததில் 23.4, 24.6 என்று வந்தால், சராசரி 24, எட்டுக் கூடைக்கு 192. அவ்வளவுதான் வேலை. ஏலக்காரர் அடுத்த கூறுக்கு நகர்வதற்குள் முடிந்துவிடும்.

வெறும் கூடையின் எடையையும் ஒருமுறை போட்டுக் குறித்துவைக்க வேண்டும். பிளாஸ்டிக் கூடை பெரிதாக மாறாது. பிரம்புக் கூடை, மூங்கில் கூடை நாள் முழுதும் நனைந்து தண்ணீர் குடித்திருக்கும். காலையில் காய்ந்திருந்த எடை எட்டு மணிக்குப் பொருந்தாது.

தராசைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மின்னணுத் தராசை மணலில் வைத்தால் ஒரு கால் இறங்கும். சாய்ந்த தராசு எடையைக் குறைத்துக் காட்டும். அடியில் ஒரு தடித்த பலகை போட்டு, குமிழ் மட்டம் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பல தராசுகளில் அந்தக் குமிழ் தட்டுக்கு அடியில் இருக்கும். தட்டைக் கழற்றினால்தான் தெரியும். உப்பு நீர் பட்டுப் பட்டுத் தட்டுக்கடியில் செதில் சேர்ந்து இறுகிவிட்டால் தட்டு முழுதாக இறங்காது. தினமும் முதல் எடைக்கு முன் முத்திரையிட்ட 10 கிலோ எடைக்கல்லை வைத்துப் பார்த்து, காட்டும் எண்ணைப் பதிவேட்டின் முதல் வரியில் எழுதிவிட்டால், பின்னால் சண்டை வரும்போது அந்த வரி பேசும்.

தராசு உண்மையில் வெளியே வந்ததா, இல்லை அறைக்குள்ளேயே இருந்ததா என்பதைப் பதிவேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். எடைப் பத்தியில் 25, 50, 75, 100 என்றே வந்துகொண்டிருந்தால் அது எடை போட்டது அல்ல, கூடையைப் பெருக்கியது. உண்மையான எடைகள் 118, 69, 126 என்று ஒழுங்கில்லாமல்தான் வரும்.

எடையும் வகுத்தலும் சரியானாலும், 120 என்ற ஒற்றை எண் இன்னும் ஒன்றை மறைக்கிறது. பட்டியலை நேரப்படி பாருங்கள். ஆறு மணிக்கு முன் போன இரண்டு கூறும் சேர்ந்து 187 கிலோ, 28,200 ரூபாய், கிலோ 151. அதன்பின் போன மூன்றாம், நான்காம் கூறுகள் 318 கிலோ, 31,400 ரூபாய், கிலோ 99. ஒரே மீன், ஒரே கரை, இரண்டு மணி நேர இடைவெளி, 52 ரூபாய் வித்தியாசம். காலை முதல் கூறுக்கு வருபவர்கள் சந்தைக்கும் கடைக்கும் எடுத்துப் போகிறவர்கள். அவர்கள் வண்டி கிளம்பியபின் வந்த மீனுக்கு ஆள் குறைவு. அதோடு ஆறரைக்கு எட்டுக் கூடை ஒரே படகிலிருந்து இறங்கியதும், நின்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஏழு நாற்பதுக்கு ஏலத்துக்கு வந்த படகு ஐஸ் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்தும் தொண்ணூறுக்குத்தான் போனது. அந்தப் படகுக்காரருக்கு ‘இன்றைய விலை 120’ என்பதால் எந்தப் பயனும் இல்லை. ‘ஆறுக்கு முன் 151, பின் 99’ என்று எழுதினால், நாளை வலையை ஒரு மணி நேரம் முன்னால் இழுக்கலாமா, இல்லை பிந்திய மீனை ஐஸில் வைத்து மாலைச் சந்தைக்கு மாற்றலாமா என்று அவர் யோசிக்க முடியும். எங்கள் பார்வையில், சுருக்கத்தில் அவசியம் சேர்க்க வேண்டிய ஒரே கூடுதல் பத்தி இந்த நேரப் பிரிவுதான். மற்றவை இருந்தால் நல்லது. இது இல்லாமல் இருக்கக் கூடாது.

ஐந்தாவது கூறு வேறு வகை. முதல் கூறு வந்த அதே படகில் பெரிய மீனாகப் பொறுக்கி ஒதுக்கி வைத்த அரைக் கூடை அது; கரையில் கடை போடும் பெண்கள் வாங்கிக்கொண்டார்கள். கிலோ 200 என்பது உண்மையான விலைதான், ஆனால் அது ‘காணாங்கத்தை, பெரிது’ என்ற இன்னொரு சரக்கின் விலை. மொத்தத்தில் சேரலாம், உயர்ந்த விலை என்று எழுதும்போது பக்கத்தில் ‘பெரிது, 11 கிலோ’ என்று குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் எல்லோரும் 200 கேட்பார்கள்.

இதே தரப் பிரச்சினை மற்ற மீன்களில் இன்னும் கூர்மையாக இருக்கிறது. வஞ்சிரத்தில் மீன் பெரிதாகப் பெரிதாகக் கிலோ விலையும் ஏறும், ஏனென்றால் துண்டு போட ஏற்ற மீன் அதுதான். அரைக் கிலோ வஞ்சிரத்தையும் நான்கு கிலோ வஞ்சிரத்தையும் ஒரே வரியில் போட்டால் வரும் சராசரிக்கு எந்த மீனும் கரையில் இருக்காது. வவ்வாலில் வெள்ளையும் கறுப்பும் விலையில் வெகுதூரம் தள்ளி நிற்பவை. கறுப்பு வவ்வால் வவ்வால் குடும்பமே அல்ல, அது பாறை மீனின் உறவு. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் பதிவேட்டில் ‘வவ்வால்’ என்று ஒரே சொல்லாக விழுந்துவிடுகிறது. மறுபக்கம், ஒரே மீனுக்குப் பல பெயர் இருப்பதும் உண்டு: காணாங்கத்தை, கானாங்கெளுத்தி, ஐலா மூன்றும் ஒன்றுதான். எழுதுபவர் மாறும்போது பெயரும் மாறினால் மாதக் கணக்கில் ஒரு மீன் மூன்று மீனாகப் பிரிந்துவிடும். சங்கம் முதலிலேயே ஒரு பெயர்ப் பட்டியல் முடிவு செய்து பதிவேட்டின் அட்டையில் ஒட்டிவைத்தால் போதும். கலப்புக் கூடையைக் கலப்பு என்றே எழுதுங்கள். அதற்குள் இருந்த சங்கராவுக்கு இவ்வளவு, கிழங்கானுக்கு இவ்வளவு என்று பணத்தைப் பிரிப்பது வெறும் கற்பனை. ஏலம் கேட்டவர் அப்படிப் பிரித்துக் கேட்கவில்லை.

அடுத்து, கரையேறியதற்கும் ஏலம் போனதற்கும் உள்ள இடைவெளி. இரண்டும் ஒரே எண் என்று நினைத்துத்தான் பலர் எழுதுகிறார்கள். நம் ஒன்பது படகில் ஏழில் மீன் இருந்தது. அதில் ஒரு படகின் மீன் கறிக்கு மட்டும்தான் போதுமாக இருந்தது, ஏலத்துக்கு வரவில்லை. மற்ற ஆறிலும்கூடப் போன ஆட்கள் வீட்டுக்குக் கொஞ்சம் கறிமீன் எடுத்துக்கொள்வார்கள். படகுக்கு நான்கு பேர், தலைக்கு ஒன்றரைக் கிலோ என்றாலே ஏழு படகுக்கு 42 கிலோ. இது பிடிப்பில் சேரும், விலைக் கணக்கில் சேராது.

கடனுக்குக் கட்டுப்பட்ட விற்பனையும் அப்படித்தான். வலைக்கோ மோட்டாருக்கோ முன்பணம் வாங்கிய படகுக்காரர், மீனை அந்த வியாபாரிக்கே கொடுக்க வேண்டியிருக்கும். விலையை வியாபாரி சொல்வார், ஏலம் நடக்காது. அன்று ஒரு படகின் 22 கிலோ நண்டு அப்படிப் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையும் தொகையும் பதிவாக வேண்டும், ஆனால் ‘ஏலமில்லா விற்பனை’ என்ற தனிப் பிரிவில். ஏல விலையோடு கலந்தால் நண்டின் சராசரி இறங்கி, ஏலம் கேட்பவர்கள் நாளை அதைக் காட்டியே கேட்பார்கள். தனியே எழுதினால் இன்னொரு நன்மையும் உண்டு: அதே நாள் ஏலத்தில் நண்டு போன விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மாதம் முழுதும் கூட்டினால், அந்த முன்பணத்துக்குப் படகுக்காரர் உண்மையில் எவ்வளவு வட்டி கொடுக்கிறார் என்பது வெளிச்சத்துக்கு வரும். சங்கம் கடன் கொடுக்கலாமா என்று பொதுக்குழுவில் பேசும்போது அதைவிட வலுவான காகிதம் வேறில்லை.

எதிர்ப்பக்கத்தில், கரையேறாத மீன் கணக்கில் நுழைவதும் உண்டு. காசிமேட்டில் நள்ளிரவு தாண்டி ஏலத்தில் எடுத்த மீனை விடியலில் இங்கே கொண்டுவந்து விற்பார்கள். சில நாள் அதையும் கூறு போட்டு ஏலம் விடுவார்கள். அந்த மீன் காசிமேட்டுக் கணக்கில் ஏற்கெனவே ஏறிவிட்டது. இங்கேயும் எழுதினால் ஒரு மீன் இரண்டு முறை கடலிலிருந்து வந்ததாகும். அதற்குத்தான் பதிவு எண் பத்தி: அன்று நம் கரையில் ஏறிய படகின் எண் சொல்ல முடியாத கூறு பிடிப்பில் சேராது. முதல் விற்பனை மட்டுமே கணக்கு.

படகு எண்ணிக்கையில் ஒரு சின்ன விஷயம் பெரிய வித்தியாசம் செய்கிறது. அன்று இரண்டு படகு வெறும் வலையோடு வந்தன. அவற்றுக்கு பூஜ்யம் என்று எழுத வேண்டும். கடலுக்கே போகாத படகுக்குக் கோடு போட வேண்டும். எல்லா மீனும் சேர்த்து அன்றைய வருமானம் 1,02,000 ரூபாய் என்றால், ஏலம் போட்ட ஆறு படகால் வகுத்தால் படகுக்கு 17,000. கடலுக்குப் போன ஒன்பதால் வகுத்தால் 11,333. எரிபொருள் ஒன்பதுக்கும்தான் எரிந்தது. பூஜ்யத்தை எழுதாமல் விடும் பதிவேடு, மீன் குறைந்த மாதத்தையும் சுமாரான மாதமாகக் காட்டும். நிவாரணம் கேட்கும் நேரத்தில் சங்கத்தின் சொந்தப் பதிவே சங்கத்துக்கு எதிராக நிற்கும்.

தேதி குறிப்பதிலும் ஒரு விதி வேண்டும். சாயங்காலம் போய் விடியலில் வரும் ஃபைபர் படகுக்கு ஏலத் தேதியே போதும். காசிமேட்டு விசைப்படகுகளோடு ஒப்பிடுவதாக இருந்தால் அவை எத்தனை நாள் கடலில் தங்கின என்பதைச் சேர்க்காமல் ஒப்பிட முடியாது. ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது ஒரே இரவில் இறங்கும்.

ஏலம் முடிந்த பிறகும் விலை மாறும். நம் நான்காவது கூறை வாங்கியவர் பத்து மணிக்குப் போன் செய்கிறார்: ஒரு கூடையில் ஐஸ் படாத நடு அடுக்கில் மீனுக்கு வயிறு வெடித்திருக்கிறது. காணாங்கத்தைக்கு இது வழக்கமான கேடு. வயிறு நிறைய இரை தின்ற மீன் சூட்டில் கிடந்தால் குடல் கரைந்து வயிற்றுச் சுவர் திறந்துகொள்ளும். பேசி 700 ரூபாய் கழித்துக்கொள்கிறார்கள். இந்த 700-ஐ எங்கே எழுதுவது? ஏலத் தொகையை அழித்து 10,700 என்று திருத்தக் கூடாது. ஏலத்தில் கேட்ட விலை 11,400. அது நடந்த உண்மை. அடியில் தனி வரியில் ‘கூறு 4, கழிவு 700’ என்று எழுத வேண்டும். ஏல விலைப்படி காணாங்கத்தை கிலோ 120, கணக்கு தீர்த்த விலைப்படி 118. இரண்டு ரூபாய் இடைவெளி ஒரு நாளைக்குச் சிறியது. ஆனால் ஒரே வியாபாரியின் பெயருக்கு எதிரே வாரம் நான்கு நாள் கழிவு வரி வந்தால், அல்லது ஒரே படகின் மீனுக்கே வந்தால், எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். முதலாவதென்றால் அந்த வியாபாரி உயர்த்திக் கேட்டுவிட்டுப் பின்னால் பிடித்தம் செய்கிறார். இரண்டாவதென்றால் படகில் ஐஸ் போதவில்லை.

சங்கம் பிடிக்கும் கமிஷனும் சேமிப்பும் கடன் தவணையும் இந்த விலைக்குள் வரவே கூடாது. 5 சதவீதம் பிடிக்கும் சங்கம் என்று வைத்துக்கொண்டால் 61,800-இல் 3,090 போய் 58,710 கைக்கு வரும். அதை எடையால் வகுத்து ‘விலை’ என்று எழுதினால், பிடித்தம் இல்லாத இடத்தோடு ஒப்பிட்டு எப்போதும் சங்கத்தில் விலை குறைவு என்ற முடிவுதான் கிடைக்கும். பிடித்தத்தின் இடம் படகுக்காரரின் பாஸ்புக்.

நேற்றைய விலையோடு இன்றைய விலையை ஒப்பிடுவது எல்லோருக்கும் பழக்கம். அது பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை சென்னையே மீன் வாங்க வருகிறது. திங்கட்கிழமையை அதோடு வைத்துப் பார்த்து விலை விழுந்துவிட்டது என்பதில் பொருளில்லை. ஞாயிறை ஞாயிறோடு வையுங்கள். புரட்டாசியில் பாதி வீடுகளில் மீன் சட்டி ஏறாது. அந்த மாதத்தை ஆவணியோடு அல்ல, போன புரட்டாசியோடு வைக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. அந்தக் காலத்தில் கரையில் கிடைப்பது ஃபைபர் படகு மீன்தான் என்பதால் விலை ஏறி நிற்கும். ஜூன் 15-க்கு வெளியேறும் விசைப்படகுகள் திரும்பத் தொடங்கியதும் அது இறங்கும். 2017-க்கு முன் தடை 45 நாள்தான். பழைய பதிவேடுகளோடு ஜூன் முதல் வாரத்தை ஒப்பிடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவும் பதிவேட்டில் இருக்கட்டும். பலகையில் இடம் கொஞ்சம். நின்று படிக்கும் நேரமும் கொஞ்சம். நம் நாளின் பலகையில் காணாங்கத்தைக்கு இப்படி எழுதினால் போதும்:

காணாங்கத்தை: 5 கூறு, 22½ கூடை, 516 கிலோ, ரூ. 61,800
கிலோ ரூ. 120. குறைவு 90, உயர்வு 153. பெரிது (11 கிலோ) 200
காலை 6-க்கு முன் 151, பின் 99
கழிவு: கூறு 4, ரூ. 700

பலகையின் அடியில், எல்லா மீனுக்கும் பொதுவாக:

கடலுக்குப் போனவை 9, ஏலம் போட்டவை 6, கறிக்கு மட்டும் 1, வெறும் வலை 2
ஏலமில்லா விற்பனை: நண்டு 22 கிலோ
தராசு: 10 கிலோ கல்லுக்கு 10.00 காட்டியது